புதினாப் பச்சைக்குள் ஒரு சிவப்பு விளிம்பு

லிஃப்ட்காரர்தான் சொன்னார். அவருக்கு மூன்றாம் மாடியில் பெருக்கித் துடைக்கும் அம்மாள் சொன்னாளாம். அந்த அம்மாளுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் பேசிக்கிறாங்க" என்றார். ஊரில் எந்தப் பொய்யும் இந்த 'எல்லாரும்' என்பவர் வீட்டில்தான் பிறக்கிறது.

"உங்க ஆபீஸ்ல நகப்பூச்சு கம்பெனிக்கு கலர் அட்டை போடுறீங்களே, அதுல ஒரு கை வருமே. அந்தக் கைக்காரம்மாவுக்கு ஏதோ தோல் வியாதியாம். நகத்தைச் சுத்தி ரத்தம் கட்டிப் புண்ணா இருக்காம். கம்பெனில இனிமே அந்தக் கையே வேணாம்னுட்டாங்களாம். தொட்டா ஒட்டிக்குமாமேம்மா?"

"போட்டோவைத் தொட்டாலா?" என்று கேட்டுவிட்டு நான்காம் மாடியில் இறங்கிக்கொண்டாள் பூதக்கண்ணாடி.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எதையும் நானூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பத்தொன்பது வருடமாகப் படம் திருத்துகிறாள். முதலில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில், மணமகன்களின் முகப்பருவை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த முகங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பது அவள் கருத்து. பிறகு இந்த விளம்பர ஸ்டுடியோ. கடிகாரம், செருப்பு, சோப்பு என்று எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று வருடமாகப் பெரும்பாலும் நகம். மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டில் வலிக்கு ஒரு பட்டை ஏறியிருக்கிறது. மனிதர்களைப் பற்றிய அபிப்பிராயம் அந்தப் பத்தொன்பது வருடத்தில் இறங்கிக்கொண்டே வந்து, இப்போது தரையில் நிற்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்த காரியம், சிரித்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சிரித்தாள். ஏனென்றால் அந்தக் கை அவளுடைய அண்ணியின் கை.

இது முதலாளியைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அண்ணி, வரவேற்பு மேசையில் கையை வைத்து நின்றிருந்தாள். முதலாளி அதைப் பார்த்தார். அவ்வளவுதான். நீண்ட விரல், முட்டை வடிவ நகம், ஒரு தழும்பு கிடையாது, ஒரு கணு புடைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி ஒரு பாத்திரத்தைத் தொட்டவளில்லை. வெயிலில் கையுறை, குளிரில் கையுறை. காய் நறுக்கக் கையுறை, அதுவும் அண்ணன்தான் நறுக்க வேண்டும். யாராவது வீட்டுக்குப் போனால் கதவை முழங்கையால் திறப்பாள். "வா நாத்தனாரே, தண்ணி நீயே எடுத்துக் குடி, எனக்கு நாளைக்கு ஷூட்டிங்" என்பாள். பெட்டிக்கோ போஸ்டருக்கோ மாதத்தில் ஒரு நாள் வரும் ஷூட்டிங்குக்கு முப்பது நாளும் நாளைக்குத்தான்.

"கை மட்டும்தானே நடிக்குது, வாய் எதுக்கு அண்ணி ரெஸ்ட் எடுக்காம இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அந்த ஆறு மாதமும் பூதக்கண்ணாடி தினமும் எட்டு மணி நேரம் அண்ணியின் கையோடுதான் இருந்தாள். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் தாலி கட்டியிருக்கலாம். ஆனால் மோதிர விரல் நகத்தின் இடது ஓரம் வலதைவிட ஒரு மயிரிழை தாழ்வு என்பது அவனுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

அதனால்தான் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கையில் புண்ணா?

புது அட்டைகள் வரவேற்பில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இந்தப் பருவத்துக்குப் பன்னிரண்டு புது நிறம். ஒன்றை உருவிக்கொண்டு வந்து மேசை விளக்கின் கீழே வைத்தாள். முப்பத்தேழாம் எண், புதினாப் பச்சை. நகத்தில் வெளிர் பச்சை. நகத்தின் அடியில், தோல் தொடங்கும் இடத்தில், பிறை மாதிரி ஒரு சிவப்பு. ஐந்து விரலிலும். பார்த்தால் யாருக்கும் கை கூசும். நகத்தைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஒட்டியது போல இருந்தது.

புண்ணுமில்லை, ரத்தக்கட்டுமில்லை. அது பழைய சிவப்புப் பூச்சு.

இங்கே தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அட்டையில் நாற்பத்தெட்டு நிறம் இருக்கிறது என்றால் நாற்பத்தெட்டு முறை பூசிப் படம் எடுக்கிறார்கள் என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். எடுப்பது ஒரே படம். மீதி நிறமெல்லாம் கணினியில் ஏறுகிறது. அந்த ஒரு படத்தை நடுத்தரமான சாம்பல் பூச்சில் எடுங்கள், எந்த நிறத்துக்கும் சுலபமாகத் திருப்பலாம் என்று பூதக்கண்ணாடி தலைதலையாக அடித்துக்கொண்டாள். கேமராக்காரர் கேட்கவில்லை. "சிவப்புலதான்மா கைக்கு உயிரு" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே நிறம் அது. பளபளக்கும் ரத்தச் சிவப்பில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சிவப்பை வெளியேற்ற அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் மாஸ்க். நகத்தை மட்டும் திறந்து விட்டு மற்றதையெல்லாம் மூடும் ஒரு மறைப்பு. நிறம் அந்தத் திறப்புக்குள்தான் விழும். ஒவ்வொரு நகத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து, வளைவு வளைவாகச் சுற்றி வந்தாள். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், ஆனால் கத்தரித்து ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரியும் இருக்கக்கூடாது. நடுவிரல் துல்லியமாக விழுந்திருந்தது, அதன் விளிம்பும் துல்லியம். கட்டை விரல் கொஞ்சம் பின்னால் தள்ளி மங்கலாக இருந்தது, அதன் விளிம்பை அதே அளவு மங்க வைத்தாள். தோலோரத்தில் பூச்சு லேசாகத் தடித்து நிற்கும் இடம் வரை மறைப்பைத் திறந்தாள். பிறகு நகத்தின் சிவப்பை உறிஞ்சிச் சாம்பலாக்கினாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் நடுவிரல் நகத்தின் சிவப்பு ஒரு சாயலாக விழுந்திருந்தது, அதையும் தேடிப் பிடித்துத் துடைத்தாள்.

கடைசியாக ஒளி. நகத்தின் மேல் ஸ்டுடியோ விளக்கு ஒரு வெள்ளைக் கீற்றாக விழுந்திருக்கும். அந்தக் கீற்றுதான் நகத்தை ஈரமாக, வழவழப்பாகக் காட்டுவது. அது விளக்கின் வெளிச்சம், பூச்சின் நிறமல்ல. ஆகவே பூச்சு கறுப்பானாலும் மஞ்சளானாலும் கீற்று வெள்ளையாகவே இருக்க வேண்டும். அவள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுக்காக வைத்தாள். கீழே சாம்பல் நகம், நடுவில் நிறம், மேலே கீற்று. இனி நடு அடுக்கை மாற்றினால் போதும். கருநிறமா, சாம்பலையும் சேர்த்து அழுத்திக் கறுக்கவை. வெளிர் நிறமா, சாம்பலைத் தூக்கி வெளுக்கவை. அந்தக் கோப்பை 'மூலம்' என்று சேமித்து வைத்தாள். முப்பத்தாறு நிறமும் அதிலிருந்துதான் பிறந்தன. ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. பாராட்டியதுமில்லை. திருத்தம் தெரியாமல் இருப்பதுதான் திருத்தம், அதைப் பாராட்டுவதற்கு முதலில் பார்க்கத் தெரிய வேண்டும்.

அப்படியிருக்க இந்தப் பன்னிரண்டு?

பன்னிரண்டும் முதலாளியின் மருமகனுடையது. அலுவலகம் முழுவதும் அவனை மாப்பிள்ளை என்றே அழைக்கும், பியூன் உட்பட. படித்தது வேறு, பார்ப்பது வேறு, இரண்டும் வராது. பத்து நாள் முன்னால் பூதக்கண்ணாடி மணிக்கட்டைக் காட்ட மருத்துவரிடம் போயிருந்த இரண்டு நாளில், "இதுக்குப் போய் வாரக்கணக்குல உட்காரணுமா மாமா, ஒரே பட்டன்" என்று சொல்லி மாப்பிள்ளை வேலையை எடுத்துக்கொண்டான். 'மூலம்' கோப்பு திறக்க நேரமாகிறதாம். அதனால் கேமராக்காரரின் பழைய சிவப்புப் படத்தையே எடுத்தான். கணினியே நகத்தைக் கண்டுபிடிக்கும் பட்டனை அமுக்கினான். அது தோலோரம் வரை போகாமல் ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது. அது போட்ட எல்லைக்குள் நிறத்தைக் கொட்டினான், கீற்றின் மேலும் சேர்த்து. பச்சை நகத்தில் ஒளியும் பச்சை. கறுப்பு நகம் சிலேட்டுப் பலகை. எல்லையை விட்டு வெளியே மாட்டிக்கொண்ட சிவப்பு, பிறைபிறையாக.

விடுப்பு முடிந்து அவள் வந்த அன்று காலை, முதலாளியும் பக்கத்தில் நிற்க, மாப்பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, எப்படி வந்திருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். ஐந்து நொடி போதுமானதாக இருந்தது. சிவப்பு தெரிந்தது, செத்த ஒளி தெரிந்தது. கம்பெனி மேனேஜரம்மா இதை இவன் முகத்திலேயே விட்டெறிவாள், அந்தக் காட்சியை ஒரு காபியோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லித் திருத்தும் அளவுக்கு அவன் மதிப்புள்ளவனாகத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"பாத்தீங்களா மாமா, அக்காவே சொல்லிட்டாங்க!"

ஒன்றை அவள் கணக்கில் எடுக்கவில்லை. பத்தொன்பது வருடம் விளிம்புகளையே பார்த்தவளுக்கு, உலகத்தில் மற்றவர்களும் விளிம்பைத்தான் பார்ப்பார்கள் என்று ஒரு மூட நம்பிக்கை. அவர்கள் பார்ப்பது கையை. மேனேஜரம்மா படத்தைப் பார்த்தாள், திருத்தம் சரியில்லை என்று நினைக்கவில்லை. இந்தக் கைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

பூதக்கண்ணாடி அட்டையை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். மாப்பிள்ளையும் அங்கேதான் சோபாவில் சரிந்திருந்தான்.

"சார், இது தோல் இல்ல. பழைய சிவப்பு. மாஸ்க் சரியா விழல. நான் 'மூலத்துல' இருந்து போட்டுத் தரேன், கம்பெனிக்குச் சொல்லிடுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையைப் பார்க்க விரும்பாதபோதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். "அவங்களே தோல்னு முடிவு பண்ணிட்டாங்களேம்மா. நாம எதுக்குப் போய் நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணும்? அடுத்த வாரம் புதுக் கை எடுக்கிறாங்க. ஷூட்டிங் நமக்குத்தான்."

"அந்தக் கை எங்க அண்ணியோடது சார். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. நல்ல கை. ஆனா கைதானே? வேற வரும்."

"அக்கா, நீங்களே அன்னைக்கு நல்லா இருக்குன்னீங்க" என்றான் மாப்பிள்ளை சோபாவிலிருந்து. வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே சரியான வாக்கியம்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அண்ணன் தானாகவே கூப்பிட்டான். தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை. நான்கு மணிக்கு ஷிப்ட் திரும்பத் தொடங்கினால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், இரவு வரை ஆள் கிடைக்க மாட்டான்.

"உங்க அண்ணி விஷயம் கேள்விப்பட்டியா?"

"லிஃப்ட்காரர் சொல்லித்தாண்ணா தெரியும். என்ன ஆச்சு?"

"கம்பெனில இருந்து போன் பண்ணி, கைக்கு வைத்தியம் பாருங்கன்னாங்களாம். தோல் டாக்டர்கிட்ட போனா, அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்லையேம்மாங்கிறாரு. இவ நம்பல. அவர் கண்ணுக்குத் தெரியல, படத்துல தெரிஞ்சிருக்குங்கிறா. நீ படத்துல எல்லாம் பெருசாப் பாக்கறவளாச்சே. நீயே சொல்லாம மறைச்சிருப்பியோன்னு அழுகை."

அவள் மேசையில் கிடந்த அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"அது மட்டுமில்ல. முந்தாநாள்ல இருந்து கையுறையைத் தூக்கிப் போட்டுட்டா. பாத்திரம் தேய்க்கிறாடி! கம்பி நார் வெச்சு! நேத்து வீட்டுத் தரை பூரா ஆசிட் ஊத்திக் கழுவியிருக்கா. என்னத்துக்குன்னு கேட்டா, இனிமே யாருக்குக் காட்டணும்ங்கிறா. நான் சொன்னாக் கேக்கமாட்டேங்கிறா. சரி, மணி அடிச்சாச்சு."

"அண்ணா, இரு, கைக்கு ஒண்ணும்..."

அழைப்பு துண்டாகிவிட்டது.

மூன்று வருடமாக அண்ணி பாத்திரம் தேய்க்கவில்லை என்று குறை சொன்னவள் அவள்தான். இப்போது தேய்க்கிறாள் என்று கேட்டதும், நானூறு மடங்கில் அந்த நகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. கம்பி நாரின் ஒரு கீறல் போதும். அதன் பிறகு மேனேஜரம்மா மன்னிப்புக் கேட்டாலும் அந்தக் கை திரும்ப வராது.

டாக்டரையே நம்பாத அண்ணி இவள் போனில் சொன்னால் நம்பமாட்டாள், கம்பெனி வாயால் வர வேண்டும். யாரையும் கேட்கவில்லை. மடிக்கணினியில் 'மூல'த்தையும் கேமராக்காரரின் சிவப்புப் படத்தையும் மாப்பிள்ளையின் கோப்பையும் ஏற்றிக்கொண்டாள். முதலாளிக்குத் தெரிந்தால் நாளைக்கு இந்த நாற்காலி இருக்காது. நாற்காலியும் ஒன்றும் அரியணை இல்லை. இரண்டு தெரு தள்ளியிருந்தது கம்பெனி. நடந்தே போனாள்.

மேனேஜரம்மா பத்து விரலிலும் பத்து நிறம் பூசியிருந்தாள், எதுவும் விளிம்பில் நிற்கவில்லை. இவள்தான் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறவள்!

"ஸ்டுடியோல இருந்தா? புதுக் கை விஷயமாவா?"

"பழைய கை விஷயமா."

மேசையில் கணினியைத் திறந்தாள். முதலில் சிவப்புப் படம். "இது எடுத்தது. பாருங்க, தோல் சுத்தமா இருக்கா?" பிறகு மாப்பிள்ளையின் மறைப்பை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டினாள். கறுப்பில் ஐந்து வெள்ளை வில்லைகள், ஓரம் கொசகொசவென்று. அதைச் சிவப்பு நகத்தின் மேல் வைத்தாள். வில்லைக்கு வெளியே ஒரு பிறைச் சிவப்பு மிச்சம் நின்றது. "நீங்க புண்ணுன்னு நினைச்சது இதுதான்."

மேனேஜரம்மா மூக்கு திரையில் படுகிற தூரத்துக்கு வந்தாள். "ஐயையோ. நான் எங்க கம்பெனி நர்ஸ்கிட்ட வேற காட்டினேன். அவளும் ஆமா தொற்றுன்னா."

"நகத்து மேல விழற வெளிச்சமும் பச்சையா இருக்கறதை நர்ஸும் கவனிச்சிருக்கமாட்டா."

பிறகு 'மூல'த்தைத் திறந்தாள். நடு அடுக்கில் புதினாப் பச்சையை வைத்தாள், பச்சை மந்தமாக விழுந்தது. கீழே சாம்பலைக் கொஞ்சம் தூக்கினாள், வெளுத்தது. கம்பெனிப் புட்டியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கவில்லை. மேனேஜரம்மாதான் பிடித்தாள், திரை வெளிச்சத்தில் புட்டியின் நிறம் பொய் சொல்லும் என்று தெரியாதவள். பூதக்கண்ணாடி கம்பெனி கொடுத்திருந்த நிற எண்ணை வைத்துச் சரிபார்த்தாள். கடைசியாக மேல் அடுக்கைக் காட்டும் கண் குறியை அமுக்கினாள். ஐந்து நகத்திலும் ஐந்து வெள்ளைக் கீற்றுகள் வந்து உட்கார்ந்தன, நகங்கள் ஈரமாகின. கூர்மையான ஓரம், அதற்கப்பால் வெறும் தோல். ஆரோக்கியமான, சோம்பேறித்தனமான, அண்ணியின் தோல்.

"அடடா" என்றாள் மேனேஜரம்மா. முதல் தடவையாக ஒருத்தி பார்த்தாள். பூதக்கண்ணாடிக்கு அதில் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

"இந்தத் தப்புக் கோப்பு எங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க பாத்தீங்களா?"

பழியை மாப்பிள்ளை மேல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். தகுதியானவன்தான்.

"பாத்தேன். எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

"அதைப் போட்டவன் அசிங்கப்படட்டும்னு."

மேனேஜரம்மா அவளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பூதக்கண்ணாடிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், மற்றவர்களை அவள் தினமும் பார்க்கிற பார்வை. பெறுகிற பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"சரி. இன்னைக்குச் சாயங்காலம் புதுக் கைக்கு ஒப்பந்தம் போறதா இருந்துச்சு, நிறுத்தி வெக்கறேன். ஆனா படத்தை நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தம்மா நேர்ல வரணும். கையை நான் கண்ணால பாக்கணும். ஒரு கீறல் இருந்தாலும் என்னால மேலிடத்துல சொல்ல முடியாது."

"வருவாங்க."

வாசல் படியில் நின்றபடியே அண்ணியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மணி ஐந்தே கால். அண்ணன் போன் பூட்டுக்குள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே மறுபடி கூப்பிட்டாள். 'எடு அண்ணி. நார் வேண்டாம், கையைத் துடைச்சிட்டு எடு. தண்ணிகூட நானே எடுத்துக் குடிச்சுக்கறேன்.' சொல்ல வேண்டியது இரண்டு: கைக்கு ஒன்றுமில்லை, அது ஒன்று. எனக்கு முன்பே தெரியும், அது இன்னொன்று. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஒரு நூல் அளவு விட்டு வைத்த சிவப்பு என்ன செய்யும் என்பதை இன்று பார்த்தாயிற்று.

அண்ணன் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்தது. கம்பியைப் பிடித்தபடி, பட்டை கட்டிய கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம், வீட்டில் எங்கேயோ, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அண்ணிக்குக் கேட்காத தூரத்தில், மணி அடித்துக்கொண்டே இருந்தது.